அதே பச்சை வேண்டாம்

எங்கள் வீட்டில் தீபாவளிக்கு எல்லோருக்கும் ஒரே நிறத்தில் துணி எடுக்கும் வழக்கத்தை நிறுத்தியது நான்தான். அதுவரை என் கணவர் கடைக்குப் போவார், ஒரு நிறத்தைக் காட்டிச் சொல்வார், எனக்கும் மகளுக்கும் அந்த நிறத்தில் ஒன்று, அவருக்கும் மகனுக்கும் அதே நிறத்தில் சட்டை என்று பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். புகைப்படத்தில் நாங்கள் நான்கு பேரும் பேண்டு வாத்தியக்காரர்கள் மாதிரி நிற்போம். "ஒரே கலர்னா குழப்பமே இல்ல பாத்தியா" என்பார் அவர். ரசனை இல்லாத மனிதர் என்று நான் நினைத்துக்கொள்வேன். நினைத்ததோடு நிற்கவில்லை, சொல்லியும் இருக்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டில்தான் அந்தக் குடும்பத்தைப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர், ஒருவர் உடுத்திய நிறத்தில் இன்னொருவர் இல்லை. ஆனாலும் தூரத்தில் இருந்து பார்த்தாலே ஒரு வீட்டு ஆட்கள் என்று தெரிந்தது. அம்மாவின் சேலைக் கரையில் ஓடிய நிறம் மகளின் தாவணியில் கொஞ்சம் வெளிறி வந்திருந்தது. அப்பாவின் சட்டை அதைவிட வெளிறி, ஆனால் அதே ஜாதி நிறம். சாப்பிடும்போதும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் முதல் எங்கள் வீட்டுத் துணி என் பொறுப்பானது.

நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். அவர் பூதப்பாண்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கணக்கில் அவருக்கு எப்படிப் பிசகாதோ அப்படி நிறத்தில் எனக்குப் பிசகாது என்ற மிதப்பு எனக்கு உண்டு. முதலில் ஒரு சேலையை எடுப்பேன். அதில் உடம்பு, கரை, முந்தானை என்று மூன்று நிறமாவது இருக்கும். மற்றவர்களுக்கு அதில் இருந்துதான் பிரித்துக் கொடுப்பேன். ஆனால் அப்படியே கொடுக்கக் கூடாது. கரையில் கரும்பச்சை இருந்தால் இன்னொருவருக்குப் பாசிப்பச்சை, மற்றவருக்கு பிஸ்தா. கண்ணை இழுக்கிற நிறம் ஒருவருக்கு மட்டும். ஒருவராவது சந்தனமோ வெள்ளையோ உடுத்தினால்தான் பார்க்கிற கண் கொஞ்சம் இளைப்பாறும். ஒருவர் சேலையில் பொன் ஜரிகை என்றால் பக்கத்தில் நிற்பவருக்கு வெள்ளி ஜரிகை ஆகாது. எல்லாவற்றையும்விட முக்கியம், கடை விளக்கை நம்பக் கூடாது. அந்த வெளிச்சத்தில் அரக்கு ரத்தச் சிவப்பாகத் தெரியும், பச்சை நீலமாகத் தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

போன தீபாவளிக்கு ஆறு பேர். நாங்கள் நான்கு பேர், கணவரின் அக்கா, அவள் மகன். கணவரின் அக்காவை நான் மைனி என்றுதான் கூப்பிடுவேன். பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். அத்தான், அதாவது அவள் கணவர், மஸ்கட்டில் இருக்கிறார். தீபாவளிக்கு வர முடியாததால் ஆறு பேரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தார். அதனால் எனக்கு அந்த வருஷம் கூடுதல் மும்முரம்.

எனக்கு அரக்குச் சேலை, கரும்பச்சைக் கரை. மைனிக்கு அடர்ந்த பாசிப்பச்சை, அதன் ஓரத்தில் அரக்கு நிறத்தில் மெல்லிய கோடு. மகளுக்குச் சந்தனப் பாவாடையும் வெளிறிய ரோஸ் தாவணியும். மகனுக்குச் சந்தன ஜிப்பா. மைனி மகனுக்குச் செங்கல் நிறத்தில் ஒரு சட்டை. இத்தனையும் எடுத்தாகிவிட்டது. கணவருக்கு மட்டும் பாக்கி. பிஸ்தா நிறச் சட்டை, கரும்பச்சைக் கரை போட்ட வேட்டி. அந்த வாரம் எனக்கு ஆபீசில் தணிக்கை, நகர முடியவில்லை. என் ரவிக்கைத் துணியில் இருந்து கரை ஓரத்தை விரல் அகலத்துக்கு வெட்டி அவர் கையில் கொடுத்தேன்.

"இது வேட்டிக் கரைக்கு. சட்டை இதே ஜாதிப் பச்சை, ஆனா ரொம்ப இளசா இருக்கணும். பிஸ்தான்னு கேளுங்க. அதே பச்சை வேண்டாம் கேட்டியளா."

"அதே பச்சைன்னா எடுத்துட்டு வந்திருவேன். இதைக் காட்டி இதே மாதிரி குடுன்னு சொன்னாப் போதும்லா."

"அதே பச்சை வேண்டாம்னுதானே சொல்லுதேன். சேரணும், ஆனா ஒண்ணா இருக்கக் கூடாது."

அவர் அந்தத் துணித் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெளிச்சத்தில் பார்த்து எடுக்கச் சொல்லி இன்னொரு தடவை பாடம் நடத்தி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் பையோடு வந்தபோது எல்லோரும் வீட்டில் இருந்தோம். மைனி பயறு வறுக்க வந்திருந்தாள். அவள் மகன் டிவி முன்னால் இருந்தான். நான் கட்டிலில் மற்றவர்கள் துணியை எல்லாம் பரப்பி வைத்து அவர் சட்டைக்கு நடுவில் இடம்கூட விட்டிருந்தேன். பையைப் பிரித்து உதறினேன்.

ரோஸ். நல்ல வெளிறிய ரோஸ். மகளின் தாவணிக்குப் பக்கத்தில் வைத்தால் அதே துணியில் வெட்டியதோ என்று தோன்றும். வேட்டிக் கரையும் பச்சை இல்லை, காப்பிப்பொடி நிறம்.

"இது பச்சையா?" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. "ஏங்க, கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

மகள் ஓடிவந்து சட்டையைப் பிடுங்கித் தன் தாவணியோடு சேர்த்துப் பிடித்தாள். "ஐயோ அப்பா! நானும் நீங்களும் டூயட் பாடப் போறோம்!"

மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அவரும் சிரித்தார். "கூட்டம்லா, மாறிப் போச்சு போல. நாளைக்கு மாத்திட்டு வாரேன்" என்றார்.

"வேண்டாம் சாமி. நீங்க போனா அடுத்து ஊதாவோட வருவிய. நானே போறேன். ஒரு சட்டை எடுக்கத் தெரியாதவர் எப்படித்தான் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்குதியளோ."

அதற்கும் பிள்ளைகள் சிரித்தார்கள். மைனி சிரிக்கவில்லை. அவள் மகன் எழுந்து, "அம்மை, நான் வீட்டுக்குப் போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவர் அந்தச் சட்டையை எடுத்து, குத்தியிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குத்தி, கடையில் மடித்திருந்த மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்தார்.

மறுநாள் ஆபீஸ் முடிந்து கடைக்குப் போனேன். ஐப்பசி மழை, வடசேரியில் பேருந்தை விட்டு இறங்கிக் கடைக்குள் நுழைவதற்குள் முழங்கால்வரை நனைந்துவிட்டது. சட்டைப் பிரிவில் இருந்த பெண் பில்லைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள்.

"சார் எடுத்தது இல்லியாக்கா? நான் பிஸ்தாதான் எடுத்துப் போட்டேன். அதுல அவங்க அளவு இல்ல. வேற அளவு தேடிட்டு வாரதுக்குள்ள அவங்களே குவியல்ல இருந்து ஒண்ண எடுத்து வச்சிருந்தாங்க. ரெண்டு தடவ வாசலுக்குக் கொண்டு போய்ப் பாத்தாங்க. சரியா இருக்கா சார்னு கேட்டேன். சரிதான்னு சொல்லிட்டாங்க. எனக்குக் கூட்டத்துல கவனிக்க முடியல."

ரோஸ் சட்டையையும் அந்த வேட்டியையும் வாங்கிக்கொண்டு அவர் அளவில் பிஸ்தா சட்டையையும் பச்சைக் கரை வேட்டியையும் கொடுத்தாள். வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆனால் பேருந்தில் வரும்போது அவள் சொன்னது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. ரெண்டு தடவை வாசலுக்குக் கொண்டு போய்ப் பார்த்தார். அவசரத்தில் எடுத்தவர் இல்லை. கவனமில்லாமல் எடுத்தவர் இல்லை. நான் சொல்லிக் கொடுத்த அத்தனையையும் செய்திருக்கிறார். வெளிச்சத்தில் பிடித்து, என் துணித் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, சரிதான் என்று நம்பி எடுத்திருக்கிறார்.

அதற்கடுத்த நாள் மைனி முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். நான் பயறும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்ததை உருட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் டியூஷனுக்குப் போயிருந்தார்கள். அவர் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருந்து வரவில்லை. நான் கடைக்காரப் பெண் சொன்னதைச் சொன்னேன். மைனி கரைத்துக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை.

"ஏட்டி, அவன என்னமும் சொல்லிச் சிரிக்காத."

"சும்மா வெளையாட்டுக்குத்தானே மைனி."

"வெளையாட்டுத்தான். அவனுக்குப் பச்சையும் செவப்பும் பிரிச்சுத் தெரியாது மக்கா. சில நெறம் அவனுக்கு ஒண்ணு போலத்தான் இருக்கும்."

உருண்டை கையிலேயே நின்றது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள்.

"என் மவன் கப்பல் படிப்புக்குப் போகல்லியேன்னு எல்லாரும் கேட்டாவ. கடல் ஒத்துக்காது, பயம்னு நான்தான் சொல்லி வச்சேன். பரீட்சையெல்லாம் பாஸாகிட்டான். மெடிக்கல்ல புள்ளி புள்ளியா ஒரு புஸ்தகத்தக் காட்டி உள்ள என்ன நம்பர்னு கேட்டிருக்கான். இவனுக்கு நம்பரே தெரியல்ல. திருப்பி அனுப்பிட்டானுவ. கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனது என் தம்பி, உன் மாப்பிளதான். டாக்டர் சொன்னாரு, இது அம்மை வழியா ஆம்பளப் பிள்ளைகளுக்கு வாரது, மாமனுக்கும் இருக்கலாம்னு. அவனையும் உக்கார வச்சுக் காட்டினாரு. அவனுக்கும் ஒண்ணும் தெரியல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"ஒரு மாமன்காரன் இருந்தாரு எங்களுக்கு. கண்ணு மங்குன வகையறான்னு ஊருல பேசி அவரு கல்யாணமே தள்ளித் தள்ளிப் போச்சு. தம்பி ஒம்மவள நெனச்சுத்தான் பயப்படுதான். அவளுக்குக் கண்ணுல ஒண்ணும் இல்ல, ஆனா அவ வயித்துல பொறக்குத பையனுக்கு வரலாமாம். நாளைக்கு மாப்பிள பாக்கும்போது நாலு பேரு நாலு விதமா சொல்லுவானுவன்னு. சத்தியம் வாங்கியிருக்கான் எங்கிட்ட. இப்பம் மீறிட்டேன்."

மைனி மகன் கப்பலுக்குப் போகாமல் வந்தபோது நான் பேசியது எனக்கு நினைவுக்கு வந்தது. ஓணத்துக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். "முட்டம் கடல்ல சின்னப் பிள்ளைகூட அலையில குதிக்குது. நீ என்னடா கப்பலைப் பாத்துப் பயந்துட்டே" என்று கேட்டேன். இலையில் இருந்து நிமிராமல் அவன் சிரித்தான். ரோஸ் சட்டையைப் பிரித்த அன்று என் கணவர் சிரித்த அதே சிரிப்பு. அவர் என் பேச்சை மாற்ற அவியலை இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். நான் இரண்டு பேரையும் கவனிக்கவில்லை.

அது மட்டுமா. கல்யாணமாகி வந்த முதல் தீபாவளிக்கு அவர் தனியாகக் கடைக்குப் போய் எனக்கு ஒரு சேலை எடுத்து வந்தார். "உனக்குப் புடிச்ச பச்சை" என்று நீட்டினார். பிரித்தால் மண் நிறம். என் அம்மை பக்கத்தில் இருந்தாள். "சாணிக் கலருக்குப் பச்சைன்னு பேரு வச்சிருக்காரு உங்க மருமகன்" என்று சொல்லி அவளையும் சிரிக்க வைத்தேன். அந்தச் சேலையை ஒரு நாள் உடுத்திவிட்டு என் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எனக்குச் சேலை எடுத்ததில்லை. "ஒரு சேலை ஆசையா எடுத்துத் தந்திருப்பேளா" என்று எத்தனையோ தடவை குத்திக் காட்டியிருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே நிறம் எடுக்க அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார் என்பது அடுப்படியில் நின்றபோதுதான் புரிந்தது. ஒன்றைக் காட்டி இதே மாதிரி கொடு என்று கேட்டால் கடைக்காரன் கண் அவருக்கு வேலை செய்யும். சேர வேண்டும், ஆனால் ஒன்றாக இருக்கக் கூடாது என்றால் அதற்குச் சொந்தக் கண் வேண்டும். அவரால் முடியாத ஒரே ஒரு வேலையைப் பார்த்து எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் மைனி சத்தியத்தை மீறியது தெரிந்துவிடும். சொல்லாமல் எப்படி ஈடு செய்வது என்றுதான் யோசித்தேன். அதில்தான் இன்னொரு தப்பைச் செய்தேன்.

கைபேசியில் தேடிப் படித்தேன். இந்த வகைக் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும் என்று போட்டிருந்தது. பீரோவில் ஒரே ஒரு தடவை உடுத்திய கருநீலப் பட்டு இருந்தது, கடுகு மஞ்சள் கரை. மைனியிடம் ஒரு மாம்பழ மஞ்சள் சேலை இருந்ததும் தெரியும். மகளுக்கு மஞ்சள் பாவாடை செட் ஒன்று கிடந்தது. ஆண்களுக்கு வெளிர்நீலச் சட்டை எடுத்துவிட்டால் போதும். குடும்ப குரூப்பில் படங்களைப் போட்டு எழுதினேன்: "கலர் மாத்தியாச்சு. இதுதான் ஃபைனல்."

மகள் குதித்தாள். "தாவணி தைச்சு வந்தாச்சு! இப்பம் போய் மாத்துனா? பழைய துணியா தீபாவளிக்கு? உங்களுக்கு என்னம்மா ஆச்சு?"

"இது இன்னும் நல்லா இருக்கும். போட்டோல எடுப்பா தெரியும்" என்றேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது, எதற்கென்றுதான் தெரியவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

மழை விட்ட இடைவெளியில் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் மேலே வந்தார். கையில் கைபேசி. கொடியின் அந்தப் பக்கம் நின்று ஈரத் துண்டு ஒன்றை எடுத்து உதறிப் போட்டார்.

"அக்கா சொல்லிட்டாளா?"

"எதை?"

"நீ எத்தன வருசமா கலர் சேக்குத. நீலமும் மஞ்சளும் மட்டும்னு ஒரு தடவகூட எடுத்ததில்ல. செவப்பும் பச்சையும் ஒரே நாள்ல காணாமப் போச்சு. கணக்கு வாத்தியாருக்கு இதுகூடவா தெரியாது?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். எனக்கு அழுகை வந்தது. மைனியைத் திட்ட வேண்டாம் என்றேன். திட்டவில்லை என்றார். எனக்குத் தெரியாமல் போச்சு, தெரியாமல் என்னென்னவோ பேசிவிட்டேன் என்றேன். அவர் கொடியில் கிளிப்பைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் தெரியாதுல்லா. அவன் மெடிக்கல் போயிட்டு வந்தப்பொறம்தானே தெரியும். அதுக்கு முந்தி எனக்குக் கவனம் போதாதுன்னுதான் நெனச்சேன். சின்னப் பிள்ளையில படம் வரஞ்சா, மரத்துக்கு என்னல இந்தக் கலர் அடிச்சிருக்கன்னு டிராயிங் வாத்தியாரு அடிப்பாரு. அப்பொறம் நீயும் சொல்லுவ, ரசனை கெடையாதுன்னு. நீ சொல்லதுதான் சரின்னு நெனச்சிட்டிருந்தேன்."

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் சொன்னதை அவர் நம்பியிருந்தார் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. இத்தனை வருஷம் விளையாட்டாகச் சொன்னதை அந்த மனிதர் தன்னைப் பற்றிய உண்மையாக எடுத்து வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

"பிள்ளைகள்ட்ட சொல்லிருவோமா?" என்று கேட்டேன். "அப்பம் அவங்க சிரிக்க மாட்டாங்க."

"வேண்டாம்." அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார். "மவ பாரம் ஏத்திக்கிட்டு அலைவா. தனக்கும் ஏதோ கொறன்னு நெனப்பா. படிச்சு முடிக்கட்டும், நேரம் வரும்போது நானே சொல்லுதேன். அதுவரைக்கும் நீ சொல்லக் கூடாது. கலரையும் மாத்தாத. மாத்துனா ஏன்னு கேப்பா."

"நீங்க பாக்குததுக்கு நல்லா இருக்கணும்னுதான்..."

"நீ அந்த அரக்கையும் பச்சையையும் எடுத்து எத்தன நாளா யோசிச்ச. அதுதான் நல்லா இருக்கும்." பிறகு கடைசிக் கிளிப்பையும் போட்டுவிட்டுச் சொன்னார். "எனக்கு உன் சேலையும் அக்கா சேலையும் ஒரே கலராத்தான் தெரியுது. கரையில உள்ள ஜரிகைய வச்சுத்தான் எது யாருதுன்னு சொல்லுவேன். முந்தி பேண்டு செட்டுன்னு சொல்லுவியே, இப்பவும் எனக்கு நாமெல்லாம் கிட்டத்தட்ட பேண்டு செட்டுதான்."

நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன். அவருக்குச் சிரிக்க வைத்துவிட்ட திருப்தி. ஆனால் எனக்கு அந்தச் சிரிப்பு உள்ளே இறங்கவில்லை. பாசிப்பச்சைக்கும் அரக்குக்கும் நடுவில் நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த தூரம் எதுவும் அவர் கண்ணில் இல்லை. ஒருநாளாவது, "உங்களுக்கு இது எப்படித் தெரியுது?" என்று கேட்டிருந்தால் போதும். எடுத்தது நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்ல வேண்டும் என்று மட்டும்தான் எதிர்பார்த்திருக்கிறேன்.

கீழே வந்து துணியை எல்லாம் மறுபடி கட்டிலில் பரப்பினேன். அவரை அழைத்து, யார் பக்கத்தில் யார் நிற்கலாம் என்று கேட்டேன். முதலில் மறுத்தார். பிறகு ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்தார். என் சேலையையும் மைனி சேலையையும் பிரித்து இரண்டு ஓரத்துக்குக் கொண்டு போனார். "ரெண்டும் ஒரே இருட்டு. பக்கத்துல வச்சா ஒட்டிக்கும்" என்றார். சந்தனத்தையும் பிஸ்தாவையும் நடுவில் வைத்தார். வரிசை நன்றாகத்தான் இருந்தது. நான் அதைச் சொன்னேன். கொஞ்சம் அதிகமாகவே பாராட்டிவிட்டேன் போலிருக்கிறது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது. "இனி எல்லாத்துக்கும் நல்லா இருக்குன்னு சொல்லப் போறியா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

குரூப்பில் "பழைய கலரே ஃபைனல்" என்று போட்டேன். மகள் ஒரு கும்பிடு அனுப்பினாள்.

தீபாவளி காலை எண்ணெய்க் குளியல் முடிந்து எல்லோரும் உடுத்தி முற்றத்துக்கு வந்தோம். மழை இல்லை, மேகம் மூடிய நல்ல வெளிச்சம். மைனி மகன் செங்கல் நிறச் சட்டையில் வந்தான். மற்றவர்கள் சாமி கும்பிட உள்ளே போனபோது அவனிடம் தனியாகப் போனேன். "அன்னைக்கு ஓணத்துக்கு நான் கப்பல்னு ஏதோ பேசிட்டேன் மக்கா. மனசுல வச்சுக்காத" என்றேன். அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான். தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டான். "அது ஒண்ணும் இல்ல அத்தை" என்று சொல்லிவிட்டுக் கைபேசியைத் தாங்கியில் பொருத்த ஆரம்பித்தான். மன்னித்தானா, பேச்சை முடித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவர் சொன்ன வரிசையில் நின்றோம். முதல் படம் எடுத்து எல்லோரும் கூடிப் பார்த்தோம். நான் நினைத்ததைவிட நன்றாக வந்திருந்தது. ஆறு பேர், ஒருவர் நிறத்தில் ஒருவர் இல்லை, ஒரே வீட்டு ஆட்கள் என்று யார் பார்த்தாலும் சொல்வார்கள். அத்தானுக்கு அனுப்பியதும் மஸ்கட்டில் இருந்து குரல் வந்தது. "ஏ, அசத்திட்டியளே! யாரு செலக்‌ஷன்?"

"அம்மைதான்!" என்று மகள் கைபேசியில் கத்தினாள். "அப்பா செலக்‌ஷன்ல விட்டிருந்தா மாமா, அப்பாவும் தாவணிதான் உடுத்தியிருப்பாங்க!"

மகன் சிரித்தான். "போதும்டி" என்று நான் அதட்டிவிட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. நல்ல நாளும் அதுவுமாக அம்மாவுக்கு என்ன வந்தது என்று மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மகனின் சிரிப்பு பாதியில் நின்றது. மைனி தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவரைப் பார்த்தேன். பிஸ்தா நிறச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். கண்ணை மட்டும் லேசாக அசைத்தார், வேண்டாம் என்று.

அதற்கப்புறம் நான் செய்தது, அவர் கேட்டுக்கொண்டபடி செய்ததுதான். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "தாவணி மட்டுமா, ஜடையில பூவும் வச்சிருப்பாரு" என்றேன். மகளுக்கு மூச்சு வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மைனி மகன் இன்னொரு படத்துக்குக் கைபேசியை அமுக்கிவிட்டு ஓடிவந்து தன் இடத்தில் நின்றான்.